நண்பனுக்கு ஸ்டீமில் கேம் பரிசு: நேரடியாக அனுப்புவதா, கோடா, வாலட் பணமா?

கேள்வி: வேறு நாட்டில் இருக்கும் நண்பனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஸ்டீமில் ஒரு கேம் வாங்கித் தர ஆசை. நேரடியாக அனுப்பினால் நல்லதா, இல்லை வெளியே கோட் வாங்கி அனுப்பட்டுமா? என் வாலட்டில் கொஞ்சம் பணம் சும்மா கிடக்கிறது. அதை அப்படியே அவன் கணக்குக்கு மாற்றிவிட முடியுமா?

பதில்:

மாற்ற முடியாது. ஸ்டீம் வாலட்டுக்குள் போன பணம் அந்தக் கணக்கை விட்டு வெளியே வராது. இன்னொருவர் வாலட்டுக்கும் போகாது, பொதுவாக உங்கள் வங்கிக்கும் திரும்பாது. ஆனால் அதே பணத்தைக் கொண்டு கேமை வாங்கி, அவருக்குப் பரிசாக அனுப்பலாம். எனவே முதலில் நேரடிப் பரிசுக்கு முயன்று பாருங்கள். இரண்டு நாடுகளுக்கும் நடுவே விலை வித்தியாசம் பெரிதாக இருந்து ஸ்டீம் மறுத்துவிட்டால், டிஜிட்டல் கிஃப்ட் கார்டு அனுப்புங்கள். வெளியே கோட் வாங்குவது கடைசி வழி. ஏன் இந்த வரிசை என்று சொல்கிறேன்.

நேரடிப் பரிசு நடக்கும் விதம் இது. உங்கள் நண்பர் ஸ்டீமில் உங்கள் நண்பர் பட்டியலில் இருக்க வேண்டும். அவர் இப்போதுதான் கணக்குத் தொடங்கியவர், இன்னும் ஒன்றும் வாங்காதவர் என்றால் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. ஸ்டீமில் குறைந்தது 5 அமெரிக்க டாலருக்கு ஈடான தொகை செலவழிக்காத கணக்குகள் வரம்புக்குட்பட்டவை. அவற்றிலிருந்து நட்பு அழைப்பு அனுப்ப முடியாது. 'ரிக்வெஸ்ட் அனுப்பு, ரிக்வெஸ்ட் அனுப்பு' என்று அவரை நச்சரித்துக்கொண்டிருக்காமல் நீங்களே அனுப்பிவிடுங்கள், அவர் ஏற்றுக்கொண்டால் போதும். இன்னொன்று, பரிசாக ஒரு கேம் வந்தது என்பதால் அந்த வரம்பு நீங்கிவிடாது. அவர் தானே பணம் போட்டால்தான் நீங்கும். கேம் விளையாட இது தடையில்லை என்பதால் இதை ஒரு தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேமைக் கார்ட்டில் போட்டதும், அது உங்களுக்கா பரிசா என்று தேர்ந்தெடுக்கும் இடம் வரும். பரிசு என்று மாற்றினால் நண்பர் பட்டியல் திறக்கும். அந்த கேம் ஏற்கெனவே யாரிடம் இருக்கிறது என்பதை ஸ்டீம் அங்கேயே காட்டிவிடும், இருப்பவருக்கு அனுப்ப விடாது. வாழ்த்து வரி எழுதலாம். முக்கியமாக, எந்த நாளில் போய்ச் சேர வேண்டும் என்றும் குறிக்கலாம். இந்தத் தேதி வசதியைப் பலர் கவனிப்பதில்லை. பிறந்தநாளுக்கு மூன்று வாரம் முன்பு தள்ளுபடி வருகிறது என்றால் அன்றைய விலையில் வாங்கிவிட்டு, பிறந்தநாளன்று சேரும்படி வைத்துவிடலாம். அப்புறம் வழக்கம்போல் பணம் கட்டும் பக்கம். அங்கே வாலட்டைத் தேர்ந்தெடுத்தால், சும்மா கிடக்கும் பணம் வேலைக்கு வந்துவிடும்.

அவருக்கு அறிவிப்பு போகும். அவர் ஏற்றுக்கொண்டால் கேம் அவருடைய லைப்ரரியில் சேரும். மறுத்துவிட்டால் பணம் உங்களுக்கே திரும்பும். 2017 மே மாதம் வரை இப்படி இல்லை. அப்போதெல்லாம் பரிசு கேமை வாங்கி உங்கள் இன்வென்டரியில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம், மின்னஞ்சலிலும் அனுப்பலாம். விலை குறைந்த நாட்டில் மொத்தமாக வாங்கி மற்ற நாட்டுக்காரர்களுக்கு விற்றவர்கள் அந்த வழியைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த ஆண்டு ஸ்டீம் அதை மூடிவிட்டு, வாங்கியவரிடமிருந்து நேரே பெறுநருக்கு என்று ஆக்கியது. இன்வென்டரியில் வைத்துக்கொள்ளச் சொல்லும் பழைய வழிகாட்டுதல்கள் இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நம்பி அந்தப் பொத்தானைத் தேடாதீர்கள், அது இல்லை.

இப்போது நாட்டு விஷயம். ஒரே கேமுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விலை. நாணயப் பெயரை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றிக் கணக்குப் போடுவோம். உங்கள் நாட்டில் கேம் 18, நண்பர் நாட்டில் 30 என்றால் அவருக்கு அனுப்ப ஸ்டீம் விடாது. 18 கொடுத்து 30 விலையுள்ள ஒன்றை அந்தச் சந்தைக்குள் நுழைப்பதாக அது பார்க்கிறது. 28-க்கும் 30-க்கும் இருப்பது போன்ற சின்ன வித்தியாசம் என்றால் பொதுவாகப் போய்விடும். இதில் உங்களுக்கு நிம்மதி என்னவென்றால், தடை இருந்தால் பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுவார்கள். அனுப்ப அனுமதித்தார்கள் என்றால் அந்த கேம் அவருடைய கணக்கில் வேலை செய்யும் என்பது உறுதி. வெளியே வாங்கும் கோடில் இந்த உறுதி கிடையாது.

கோட் என்றால் என்ன என்று பார்த்தால் இது புரியும். ஸ்டீம் கேம் கோட் பெரும்பாலும் ஐந்து ஐந்து எழுத்தாக மூன்று தொகுதி:

```
AAAAA-BBBBB-CCCCC
```

இந்தப் பதினைந்து எழுத்துக்குள் கேமும் இல்லை, கேமின் பெயரும் இல்லை. அது துணிக்கடையில் பை வைத்துவிட்டு வாங்கும் டோக்கன் மாதிரி. டோக்கனைப் பார்த்து உள்ளே என்ன பை என்று சொல்ல முடியாது, கவுன்டரில் இருப்பவரின் பதிவேட்டில்தான் அது இருக்கும். ஸ்டீம் சர்வரில் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறது. இந்தக் கோட் எந்தத் தொகுப்புக்கு உரியது, எந்தெந்த நாடுகளில் செல்லும், இதுவரை யாராவது போட்டுவிட்டார்களா என்பதெல்லாம் அங்கேதான். நீங்கள் கோடைத் தட்டியதும் சர்வர் அந்த வரியைத் தேடி எடுக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால், உள்நுழைந்திருக்கும் கணக்கில் கேமைச் சேர்த்துவிட்டு, அந்த வரியில் 'பயன்படுத்தியாயிற்று' என்று எழுதிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த எழுத்துகளுக்கு மதிப்பு இல்லை. அந்த நொடிக்கு முன்பு வரை, எழுத்துகளை யார் பார்த்தாரோ அவர்தான் சொந்தக்காரர். கோடைப் படம் எடுத்துப் பத்துப் பேர் இருக்கும் குழுவில் போட்டு 'இது அவனுக்கு மட்டும்' என்று சொல்வது, பணத்தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே போவதற்குச் சமம்.

'கோட் ஜெனரேட்டர்' என்று இலவசமாகக் கிடைக்கும் எதுவும் ஏன் பொய் என்பதும் இதிலேயே இருக்கிறது. ஆங்கில எழுத்துகளும் எண்களும் சேர்த்து 36 குறிகள் என்று வைத்துக்கொண்டால், பதினைந்து இடத்தில் வரக்கூடிய சேர்க்கைகள் 2-க்குப் பின்னால் 23 சுழியம் போட்ட அளவு. அதில் உண்மையான கோட்கள் கடலில் போட்ட ஊசி. கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்க்கலாம் என்றாலும், சில முறை தவறினாலே ஸ்டீம் அந்தக் கணக்கைச் சிறிது நேரம் கோட் போட விடாமல் நிறுத்திவைக்கும். அந்தத் தளங்கள் உண்மையில் கேட்பது உங்கள் கடவுச்சொல்லை.

இந்த நிறுத்திவைப்பு நேர்மையானவர்களையும் பிடித்துக்கொள்ளும். கோட் ஏற்கவில்லை என்றதும் பதற்றத்தில் பூஜ்யத்தை ஓ ஆக்கி, எட்டை பி ஆக்கி மாற்றி மாற்றிப் போடுவார்கள். பிறகு சரியான கோடைப் போட்டாலும் 'நிறைய முயற்சிகள்' என்ற செய்திதான் வரும். அது கோடின் தவறு இல்லை. ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, வந்த மின்னஞ்சலிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டினால் போதும். ஒட்டும்போது முன்னாலோ பின்னாலோ ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கோட் போடும் இடம் இரண்டு. இதைக் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் 'கோட் செல்லவில்லை' என்கிறார்கள். கேம் கோடுக்கு ஒரு பக்கம், வாலட்டில் பணம் சேர்க்கும் வாலட் கோடுக்கு இன்னொரு பக்கம்:

```
store.steampowered.com/account/registerkey
store.steampowered.com/account/redeemwalletcode
```

வாலட் கோடை முதல் பக்கத்தில் போட்டால் ஏற்காது. பதிவேடு வேறு.

கேம் கோடைப் போடும்போது வரும் மறுப்புச் செய்திகளைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் சிலவற்றில் கோட் செலவாகாமல் பிழைத்திருக்கும். உங்கள் நாட்டில் இந்த கேம் விற்பனைக்கு இல்லை என்ற செய்தி வந்தால் கோட் அப்படியே இருக்கிறது. அந்தக் கோட் செல்லும் நாட்டில் இருக்கும் வேறு நண்பருக்குத் தரலாம், அல்லது விற்றவரிடம் திருப்பிக் கேட்கலாம். இந்த கேம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்ற செய்தியும் அப்படித்தான், கோட் சாகவில்லை. இன்னொரு பொருள் இருந்தால்தான் இதைச் சேர்க்க முடியும் என்று வந்தால், நீங்கள் வாங்கியது முழு கேம் இல்லை, அதன் கூடுதல் பகுதி, அதாவது டிஎல்சி. மூல கேம் அவரிடம் வந்த பிறகு போடலாம். மோசமானது ஒன்றே ஒன்று: வேறு கணக்கு இதை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டது என்ற செய்தி. அது வந்தால் ஸ்டீமிடம் போய்ப் பயனில்லை. கோடை விற்றவரிடம்தான் போக வேண்டும், அந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டோடு.

நான் ஒருமுறை மூன்று கேம் அடங்கிய தொகுப்பின் கோடை ஒரு நண்பருக்குக் கொடுத்தேன். அதில் இரண்டு அவரிடம் இருந்தன. மீதி ஒன்று மட்டும் புதிதாகச் சேர்ந்தது. 'அந்த ரெண்டையும் நான் வேற யாருக்காவது கொடுத்துடுறேன்' என்றார் அவர். கொடுக்க எதுவுமே மிச்சமில்லை. கோட் ஒட்டுமொத்தமாகத் தீர்ந்துவிட்டது, இரட்டைப் பிரதி என்று தனியாக எதுவும் வரவில்லை. தொகுப்பு மலிவு என்று வாங்கும் முன், அவர் லைப்ரரியை ஒரு பார்வை பார்த்திருந்தால் அந்த ஒரே கேமைப் பாதி விலைக்கு வாங்கியிருப்பேன்.

வெளியே கோட் விற்பவர்களில் இரண்டு வகை. ஒன்று, கேம் நிறுவனத்திடமிருந்தே கோட்களை வாங்கி விற்கும் அங்கீகரிக்கப்பட்ட கடைகள். அவற்றில் பயமில்லை, தள்ளுபடியும் சில சமயம் ஸ்டீமை விட நன்றாக இருக்கும். எந்த நாடுகளில் செல்லும் என்பதையும் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். அந்த வரியைத்தான் படிக்க வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது உங்கள் நாட்டை இல்லை, நண்பரின் நாட்டை. இன்னொரு வகை, யார் வேண்டுமானாலும் கோட் விற்கும் சந்தைத் தளங்கள். அங்கே கோட் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. திருடப்பட்ட கிரெடிட் கார்டில் வாங்கிய கோட்களும் அதில் கலந்துவிடும். கார்டின் உண்மையான சொந்தக்காரர் வங்கியில் புகார் கொடுத்ததும் பணம் திரும்பிப் போகும், கேம் நிறுவனம் அந்தக் கோடை ரத்து செய்யும், உங்கள் நண்பரின் லைப்ரரியிலிருந்து கேம் காணாமல் போகும். 2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் இப்படி ஒரு தொகுதி கோட்களை ரத்து செய்தபோது, வாங்கியவர்கள் பலருக்கு அதற்கு முன்பு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. பரிசு கொடுத்து இரண்டு மாதம் கழித்து 'நீ கொடுத்த கேம் காணோம்' என்று செய்தி வருவதைப் போன்ற சங்கடம் வேறில்லை.

பணத்தைத் திரும்பப் பெறும் வழியும் நேரடிப் பரிசுக்கும் வெளியே வாங்கிய கோடுக்கும் வேறுவேறு. ஸ்டீமில் வாங்கிய கேமை 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேரடிப் பரிசுக்கும் இதே விதிதான். ஆனால் பெறுநர் ஏற்றுக்கொண்ட பிறகு கோரிக்கையை அவர்தான் தொடங்க வேண்டும். பணம் போவது வாங்கிய உங்களுக்கு. அவருடைய கணினியில் கேம் ஓடவே இல்லை என்றால் இது பெரிய பாதுகாப்பு. வெளியே வாங்கிப் போட்ட கோடுக்கு இந்த வழியே கிடையாது. ஸ்டீமுக்கு வராத பணத்தை ஸ்டீம் எப்படித் திருப்பும்?

சரி, வாலட்டுக்கு வருவோம். தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

மூன்று வருடம் முன்பு என் தங்கை மகனுக்காக ஒரு வாலட் கோட் வாங்கினேன். 'எப்படிப் போடணும்னு காட்டு மாமா' என்று அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். காட்டினேன், என் மடிக்கணினியில். ஸ்டீமில் உள்நுழைந்திருந்தது நான். எண்கள் அத்தனையும் அழகாக என் வாலட்டில் வந்து விழுந்தன. திருத்த வழியில்லை, உதவிப் பிரிவுக்கு எழுதியும் அப்படித்தான் பதில் வந்தது. கோட் கணக்கைப் பார்ப்பதில்லை, அந்த நேரத்தில் யார் உள்ளே இருக்கிறாரோ அவரிடம் போய்ச் சேரும். கடைசியில் அவன் கேட்ட கேமையே அந்தப் பணத்தில் வாங்கிப் பரிசாக அனுப்பினேன், ஆனால் மிச்சம் வந்த சில்லறை இன்றுவரை என்னிடம்தான் இருக்கிறது. கோட் போடும் பக்கத்தில் மேல் வலது மூலையில் இருக்கும் கணக்குப் பெயரை ஒருமுறை படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துவது என்னுடைய இன்றைய பழக்கம்.

சில்லறை என்றேனே, அது தனிக் கதை. வாலட் கார்டுகள் குறிப்பிட்ட தொகைகளில்தான் வரும், கேம்களின் விலை அந்தத் தொகைகளோடு பொருந்துவதில்லை. நண்பருக்குப் பிடித்த கேம் 27 என்று விலை போட்டிருக்கிறது, கையில் 20 கார்டும் 10 கார்டும் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் வாங்கினால் 30, மூன்று மிச்சம் என்று நினைப்போம். சில நாடுகளில் பக்கத்தில் காட்டும் விலைக்கு மேல் வரி பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் சேரும். 27-க்கு 12 சதவீதம் வரி என்றால் 30.24. கால் அலகு குறைகிறது, பரிசு நின்றுவிடுகிறது. நண்பர் அந்தக் கால் அலகுக்காகத் தன் வங்கிக் கார்டை இணைக்க வேண்டும், அது இல்லாமல்தான் அவர் பரிசையே எதிர்பார்த்திருப்பார். அதனால் வாலட் தொகையாகக் கொடுப்பது என்றால், அவருடைய நாட்டில் அந்த கேமின் கடைசிப் பக்கத் தொகை எவ்வளவு என்று அவரிடமே ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஆச்சரியம் கெட்டுவிடும் என்றால், கொஞ்சம் தாராளமாகவே போட்டுவிடுங்கள். தள்ளுபடி முடியும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், 27 என்று கணக்குப் போட்டுக் கொடுத்த தொகை அடுத்த வாரம் 40 ஆகிவிட்ட கேமுக்குப் போதாது.

வேறு நாட்டு நாணயத்தில் வாங்கிய ஸ்டீம் வாலட் தொகை பொதுவாகப் பெறுநரின் நாணயத்துக்கு மாறித்தான் சேரும். ஆகவே அவருக்குக் காட்டும் எண் நீங்கள் கொடுத்த எண்ணாக இருக்காது. ஆனால் இதை மற்ற கடைகளுக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். நின்டென்டோ ஈஷாப்பில் கார்டு எந்த நாட்டுக்கு உரியதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் ஏறும், மாறி ஏறாது. அந்தக் கணக்கின் நாட்டை மாற்றுவதானால் மிச்சத் தொகை கிடக்கக் கூடாது. ஆப்பிள் கணக்கும் அப்படித்தான், மிச்சத்தைச் செலவழித்த பிறகே நாடு மாறும். கூகுள் ப்ளேயில் நாட்டை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றலாம். பழைய நாட்டுத் தொகை பழைய நாட்டிலேயே கிடக்கும், புதிய நாட்டில் அதைச் செலவழிக்க முடியாது. இடம் பெயரப் போகும் நண்பருக்கு இத்தகைய கார்டு கொடுப்பதாக இருந்தால், எந்த நாட்டுக் கணக்கை இனி வைத்துக்கொள்வார் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

விலை குறைந்த நாட்டில் இருப்பதாகக் காட்டிக்கொள்ள விபிஎன் போட்டுக் கணக்கின் நாட்டை மாற்றச் சொல்பவர்கள் இருப்பார்கள். ஸ்டீமில் நாட்டை மாற்ற அந்த நாட்டுப் பணம் செலுத்தும் வழி வேண்டும், அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். ஏமாற்றி மாற்றுவது ஒப்பந்த மீறல், கணக்கையே முடக்கும் காரணம். ஒரு பிறந்தநாள் கேமுக்காகப் பத்து வருட லைப்ரரியைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

நேரடிப் பரிசு தடைபட்டால் டிஜிட்டல் கிஃப்ட் கார்டு என்று முதலிலேயே சொன்னேன். அதில் கோட் எதுவும் இல்லை, தொகை நேராக நண்பரின் வாலட்டுக்குப் போய் அவருடைய நாணயத்தில் சேரும். இரண்டு நிபந்தனை உண்டு. நீங்கள் இருவரும் ஸ்டீமில் குறைந்தது மூன்று நாளாவது நண்பர்களாக இருந்திருக்க வேண்டும். பிறந்தநாளன்று காலையில் நட்பு அழைப்பு அனுப்பி மாலையில் கார்டு அனுப்பலாம் என்று நினைத்தால் நடக்காது. இன்னொன்று, இந்தக் கார்டை வாலட் பணத்தில் வாங்க முடியாது, வங்கிக் கார்டு போன்ற வேறு வழியில்தான் கட்ட வேண்டும். ஆக, உங்கள் வாலட்டில் சும்மா கிடக்கும் பணம் இதற்கு உதவாது. அது வேலைக்கு வர நேரடிப் பரிசு மட்டுமே வழி.

கடைகளில் அட்டையாக விற்கும் கார்டு என்றால் பில்லைத் தூக்கிப்போடாதீர்கள். அலமாரியில் தொங்கும்போது அந்த அட்டைக்கு மதிப்பு இல்லை, பில் போடும் இடத்தில் ஸ்கேன் செய்யும்போதுதான் சர்வரில் உயிர் பெறும். அந்த ஸ்கேன் தவறியிருந்தால், எழுத்துகள் எல்லாம் சரியாக இருந்தும் கோட் ஏற்காது. அதை நிரூபிக்கப் பில் மட்டும்தான் இருக்கும். சுரண்டும்போது நகத்தால் அழுத்தி எழுத்தையும் சேர்த்துச் சுரண்டிவிட்டவர்களுக்கும் அதே பில்தான் துணை. நண்பரின் பெயரில் வந்த கணக்கிலிருந்து 'அவசரம், ஒரு கிஃப்ட் கார்டு வாங்கிக் கோடை மட்டும் படம் எடுத்து அனுப்பு' என்று வந்தால், அனுப்புவதற்கு முன் அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். பிறர் கணக்கைத் திருடியவர்கள் முதலில் செய்யும் வேலை அதுதான், கோட் போன இடத்திலிருந்து திரும்பாது.

இப்போது உங்கள் விஷயத்தை வரிசையாக வைத்தால், இன்றே நண்பருக்கு நட்பு அழைப்பு அனுப்புங்கள், மூன்று நாள் ஆகட்டும். அதற்குள் அவருடைய விருப்பப் பட்டியல் வெளியே தெரியும்படி இருந்தால் பாருங்கள், அவரிடம் கேட்காமலேயே அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கேம் பக்கத்தில் போட்டிருக்கும் கணினித் தேவைகளை அவருடைய கணினியோடு ஒப்பிடுங்கள், குறிப்பாக அவர் மேக் பயன்படுத்துபவர் என்றால். கார்ட்டில் போட்டு, பரிசு என்று மாற்றி, அவர் பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டீம் அனுமதித்தால் வாலட்டிலிருந்து கட்டி, தேதியைப் பிறந்தநாளுக்கு வையுங்கள். அனுமதிக்கவில்லை என்றால் அதே கார்ட்டைக் காலி செய்துவிட்டு டிஜிட்டல் கிஃப்ட் கார்டுக்குப் போங்கள், வாழ்த்து வரியில் எந்த கேமுக்காக அனுப்புகிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் அந்தத் தொகையில் வேறு எதையாவது வாங்கிவிட்டு, நீங்கள் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று விழிப்பார்.